ஒரே முகாம், ஆறு குரூப்: அறிவிப்பில் எதை மாற்றுவது, எதைத் தொடக்கூடாது?

கேள்வி: "தங்கச்சிமடத்துல எங்க சங்கம் சார்பா ஜனவரி 24 சனிக்கிழமை இலவச கண் பரிசோதனை முகாம் நடத்துறோம். விசைப்படகு குரூப், நாட்டுப்படகு குரூப், பாசி எடுக்குற அக்காமாரோட மகளிர் குழு, ஜமாத் குரூப், பள்ளிக்கூட பெற்றோர் குரூப், வெளிநாட்டுல இருக்குற நம்ம ஊர்க்காரங்க குரூப்னு ஆறு வாட்ஸ்அப் குரூப்ல அறிவிப்பு போடணும். ஒரே மெசேஜை அப்படியே ஃபார்வேர்ட் பண்ணா போதாதா? மாத்தி எழுதணும்னா எதை மாத்துறது?"

மாற்றி எழுதத்தான் வேண்டும். ஆனால் பாதியை மட்டும். மேல் பாதி குரூப்புக்குக் குரூப் மாறும், கீழ்ப் பாதியில் ஒரு எழுத்துக்கூட மாறக் கூடாது. இந்த இரண்டையும் பிரித்து வைக்கத் தெரிந்தால் ஆறு மெசேஜ் எழுத ஒரு மணி நேரம் கூட ஆகாது.

முதலில் கண் முகாமுக்கே உரிய ஒரு சிக்கலைப் பார்ப்போம். முகாமுக்கு வரவேண்டியவர்களில் பெரும்பாலானோர் கண்புரை வந்த வயதானவர்கள். அவர்கள் உங்கள் ஆறு குரூப்பில் ஒன்றில்கூட இருக்க மாட்டார்கள். இருந்தாலும் படிக்க மாட்டார்கள், கண்ணே மங்கல்தானே. மெசேஜைப் படிப்பவர் மகன், மருமகள், பேத்தி, துபாயில் இருக்கும் தம்பி. அதனால் "கண் பார்வை மங்கலாக உள்ளதா? உடனே வாருங்கள்" என்று எழுதினால், படிப்பவருக்கு அது தன்னைப் பற்றியதாகவே தோன்றாது. பார்த்துவிட்டுத் தள்ளிவிடுவார். ஒவ்வொரு குரூப்புக்கும் எழுதும் முன் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இந்த குரூப்பில் இருப்பவர் யாரைக் கூட்டிக்கொண்டு வருவார், அவரைத் தடுப்பது எது? அந்தப் பதில்தான் மேல் பாதி.

கீழ்ப் பாதியை முதலில் எழுதி முடித்துவிடுங்கள். இதை முகாமுக்கு வரும் மருத்துவமனைக்காரர்களிடம் ஒருமுறை படித்துக்காட்டி, அவர்கள் சரி என்ற பிறகே அடுத்த வேலை. உங்கள் விவரங்களைப் போட்டு இப்படி அமையலாம்:

*இலவச கண் பரிசோதனை முகாம், தங்கச்சிமடம்*
நாள்: 24 ஜனவரி 2026, சனிக்கிழமை
நேரம்: காலை 9 முதல் மதியம் 1 வரை. 12 மணிக்குள் பெயர் பதிய வேண்டும்.
இடம்: (கூடத்தின் பெயர், எந்த பஸ் ஸ்டாப்பில் இறங்கி எந்தப் பக்கம் நடக்க வேண்டும்)
பரிசோதனையும் கண்புரை ஆபரேஷனும் இலவசம். கண்ணாடி தேவைப்பட்டால் விலைக்கு.
ஆபரேஷன் முகாமில் நடக்காது. தேவைப்படுபவர்களை அன்று மதியமே மருத்துவமனை பஸ்ஸில் மதுரைக்குக் கூட்டிப்போய், மூன்றாம் நாள் கொண்டுவந்து விடுவார்கள். சாப்பாடு, தங்குமிடம் இலவசம்.
கொண்டு வர: ஆதார், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை, பழைய கண்ணாடி, மாற்றுத்துணி.
சுகர், பிரஷர் உள்ளவர்கள் வழக்கம்போலச் சாப்பிட்டு மாத்திரை போட்டுவிட்டு வரவும்.
கண்ணில் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் மங்கலாக இருக்கும். வண்டி ஓட்டி வர வேண்டாம்.
கேட்க: (ஒரே ஒரு போன் எண், எந்த நேரத்தில் பேசலாம்)

இதில் நாலு இடத்தைக் கவனியுங்கள். வருடமும் கிழமையும் சேர்த்துப் போட்டிருக்கிறது. போன வருட முகாமின் போஸ்டர் இந்த வருடம் திரும்பச் சுற்றுவது நம் பக்கம் வாடிக்கை. வெறும் "ஜனவரி 24" என்று இருந்தால் அடுத்த வருடம் யாரோ ஒருவர் நல்ல மனதோடு அதை எடுத்துப் பரப்புவார். கிழமை இருந்தால், தேதியைத் தப்பாகத் தட்டச்சு செய்திருந்தாலும் யாராவது கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார்கள்.

"இலவசம்" என்ற சொல் எதுவரை போகும் என்பதையும் எழுதியிருக்கிறது. பரிசோதனை இலவசம், ஆபரேஷன் இலவசம், கண்ணாடிக்குக் காசு என்பது பல முகாம்களில் உள்ள ஏற்பாடு. இதைச் சொல்லாமல் தலைப்பில் "இலவச கண் முகாம்" என்று மட்டும் போட்டால், கண்ணாடிக்காக வந்தவர் கூடத்து வாசலில் நின்று சத்தம் போடுவார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. உங்கள் முகாமில் கண்ணாடியும் இலவசம் என்றால் அந்த வரியை மாற்றிக்கொள்ளுங்கள். எது உண்மையோ அது வெளிப்படையாக இருக்க வேண்டும்.

மாற்றுத்துணி என்பது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் அன்றைக்கே பஸ் ஏற வேண்டும் என்று தெரியாமல் வந்தவர்கள், "வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டு அடுத்த முறை வர்றேன்" என்று திரும்பிவிடுவார்கள். அந்த அடுத்த முறை வரவே வராது.

கடைசியாக, போன் எண் ஒன்றே ஒன்றுதான். ஆறு குரூப்புக்கு ஆறு பேருடைய எண்ணைப் போட்டால் ஆறு விதமான பதில் போகும்.

இனி மேல் பாதி. உங்கள் பட்டியலில் இரண்டு மீனவர் குரூப் இருக்கிறது. பலரும் இரண்டுக்கும் ஒரே மெசேஜ் போதும் என்று நினைப்பார்கள். ஆனால் இந்த முகாம் சனிக்கிழமை நடக்கிறது. வடகடலில் திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு, மற்ற நாலு நாள் நாட்டுப்படகுக்கு என்பது இங்குள்ள முறை. ஆக, விசைப்படகுக்காரர் டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகும் அதே சனிக்கிழமை, நாட்டுப்படகுக்காரர் வீட்டில் இருப்பார். ஒரே தேதி ஒருவருக்குத் தடை, இன்னொருவருக்கு வசதி. இரண்டு மெசேஜும் எதிரெதிர் திசையில்தான் தொடங்க வேண்டும்.

விசைப்படகு குரூப்புக்கு நான் எழுதினால்:

"சனிக்கிழமை போட்டுக்குப் போறவங்க எல்லாருக்கும் ஒரு சேதி. நீங்க கடல்ல இருக்குற அன்னைக்குத்தான் நம்ம ஊர்ல கண் முகாம். வீட்ல அப்பாவுக்கோ அம்மாவுக்கோ கண்ணு மங்கலா இருந்தா, கூட்டிட்டுப் போக வேண்டிய ஆள்கிட்ட வெள்ளிக்கிழமையே சொல்லி வச்சிருங்க. ஆதாரையும் மாத்திரை அட்டையையும் எடுத்து வச்சிட்டுப் போங்க. ஞாயித்துக்கிழமை நீங்க கரைக்கு வரும்போது அவங்க மதுரைல இருக்கலாம், பயப்பட வேண்டாம். விவரம் கீழே."

அந்தக் கடைசி வரி இல்லாமல் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஞாயிறு காலை மீனை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தவர், அம்மாவைக் காணோம் என்றதும் உங்கள் சங்க வாசலில்தான் வந்து நிற்பார். இந்த மெசேஜை வெள்ளிக்கிழமை பகலில் போடுங்கள். திங்கள் போனவர்கள் செவ்வாய் வருவார்கள், புதன் போனவர்கள் வியாழன் வருவார்கள். வெள்ளிதான் அவர்கள் முழுசாகக் கரையில் இருந்து போனைப் பார்க்கும் நாள். அதற்கு முன் ஒருமுறை போட வேண்டுமென்றால் வியாழன் சாயங்காலம். காலையில் ஏலமும் ஐஸும் ஓடிக்கொண்டிருக்கும்போது போட்டால் மேலே ஏறிப்போய்விடும், யாரும் தேடிப் பார்க்க மாட்டார்கள்.

நாட்டுப்படகு குரூப்புக்கு:

"சனிக்கிழமை நமக்குக் கடல் இல்ல. காலைல ஒரு மணி நேரம் ஒதுக்குனா போதும். வலை பின்னும்போது நூலைத் தூரமாப் பிடிச்சுப் பாக்குறவங்க, நாப்பது வயசு தாண்டுனவங்க, உங்க கண்ணையும் ஒருதடவை காட்டிருங்க. வீட்டுப் பெரியவங்களையும் கூட்டிட்டு வாங்க. பைக்குல வர்றவங்க ஓட்டுறதுக்கு இன்னொரு ஆளோட வாங்க, மருந்து விட்டா கொஞ்ச நேரம் கண்ணு கூசும். விவரம் கீழே."

இங்கே பெரியவர்களோடு படிப்பவரும் நோயாளியாகிறார். நாற்பதுக்கு மேல், பக்கத்தில் இருப்பதைப் பார்க்கும் திறன் தளர்வது எல்லோருக்கும் வருவது. வலைக்கண்ணைப் பார்த்து வேலை செய்கிறவருக்கு அது சீக்கிரமே தெரிந்துவிடும். ஆனால் அதை ஒரு கண் குறையாக நினைக்காமல், "வெளிச்சம் பத்தல" என்று சொல்லிவிட்டு நூலைத் தள்ளிப் பிடிப்பார். "வெள்ளெழுத்துக் குறைபாடு" என்று எழுதினால் அவருக்குப் படாது. நூலைத் தூரமாகப் பிடிப்பது என்று எழுதினால், "அட, நான்தான்" என்பார்.

அடுத்தது மகளிர் குழு. இங்கே எழுத்தை விடக் குரல் நல்லது. பாசி எடுக்கும் அக்காமாரில் சிலர் மெசேஜைத் தாங்களே படிக்காமல் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வரும்வரை அது படிக்கப்படாமல் கிடக்கும். ஆகவே ஒரு நிமிடத்துக்குள் ஒரு குரல்பதிவு. அதையும் நீங்கள் பேசாமல், அந்தக் குழுவில் எல்லோரும் மதிக்கும் ஓர் அக்காவைப் பேச வையுங்கள். பேச வேண்டியதை எழுதிக் கொடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டாம். வாசித்தால் வானொலி அறிவிப்பு மாதிரி இருக்கும். நாலு விஷயத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அவர் பாணியில் பேச விடுங்கள். குரல்பதிவுக்குக் கீழேயே, பின்னால் தேவைப்படும் என்று அந்தக் கீழ்ப் பாதி எழுத்திலும் இருக்கட்டும்.

அந்த நாலில் இரண்டு, மற்ற குரூப்பில் இவ்வளவு அழுத்த வேண்டாதவை. ஒன்று நேரம். காலையில் பாசிக்குப் போய்விட்டால் கரைக்குத் திரும்பும் நேரம் தண்ணீர் வற்றுவதையும் ஏறுவதையும் பொறுத்தது. 12 மணிக்குப் பதிவு முடிந்துவிடும் என்று தெரியாமல் ஒரு மணிக்கு ஈரத்தோடு ஓடி வருவார்கள். "அன்னைக்கு மட்டும் கடலுக்குப் போகாதீங்க, இல்லாட்டி பதினோரு மணிக்குள்ள வந்துருங்க" என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இரண்டாவது இன்னும் முக்கியம். கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டால் கண்ணில் தண்ணீர் படக் கூடாது. சில வாரங்கள் கடலில் இறங்க முடியாது, எத்தனை வாரம் என்பதை மருத்துவர்தான் சொல்வார். கண்ணாடி மாட்டி முங்கிப் பாசி எடுக்கிறவருக்கு இது அத்தனை நாள் வருமானம்.

இதைச் சொன்னால் பாதிப்பேர் வர மாட்டார்கள் என்று உங்கள் சங்கத்தில் யாராவது தடுப்பார்கள். சொல்லத்தான் வேண்டும் என்பது என் கருத்து. தெரியாமல் பஸ் ஏறி, ஆபரேஷன் முடிந்து, அங்கே போனபிறகு தெரிந்துகொண்ட ஒருத்தர் ஊர் திரும்பி என்ன சொல்வாரோ, அதுதான் உங்கள் அடுத்த முகாமின் அறிவிப்பு. தவிர, பரிசோதனைக்கு மட்டும் வந்துவிட்டு, ஆபரேஷனைத் தனக்குத் தோதான மாதத்துக்குத் தள்ளி வைக்கலாமா என்று மருத்துவரிடமே கேட்கலாம். அந்த வழியையும் குரல்பதிவில் சொல்லிவிட்டால் வருகிறவர்கள் குறைய மாட்டார்கள்.

ஜமாத் குரூப்புக்கு எழுதுவதில் சொல்லை விட, யார் போடுகிறார் என்பதே பெரிது. நீங்கள் அந்த குரூப்பில் சேர்க்கப்பட்ட வெளியாள் என்றால், ஸலாம் சொல்லி, உம்மா வாப்பா என்று எழுதி ஒட்டிக்கொள்ளப் பார்க்காதீர்கள். நமக்குப் பழக்கமில்லாத உறவுமுறையை எழுத்தில் எடுத்துப் போட்டால் படிப்பவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். கொஞ்சம் சிரிப்பாகவும் இருக்கும். நிர்வாகத்தில் இருக்கும் ஒருவரிடம் கீழ்ப் பாதியைக் கொடுத்து, மேலே இரண்டு வரி அவரே எழுதிப் போடச் சொல்லுங்கள். முடிந்தால் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து பள்ளிவாசலிலும் ஒருமுறை சொல்லச் சொல்லலாம். போன் இல்லாத பெரியவர்கள் அங்கேதான் இருப்பார்கள். அதையும் அந்த நிர்வாகிதான் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

இந்த இடத்தில்தான் பலர் சறுக்குவார்கள். அந்த நிர்வாகி, "வயசான பொம்பளைங்க வருவாங்க, தனியா உட்கார இடம் இருக்கா?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. "உங்களுக்குத் தனி இடம் ஒதுக்குறோம்" என்று அந்த குரூப்பில் மட்டும் போட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள். சாயங்காலத்துக்குள் அது மகளிர் குழுவில் வந்து விழும். "அவுகளுக்கு மட்டும் தனி இடமா?" என்று தொடங்கிவிடும். எந்த குரூப்பின் மெசேஜும் அந்த குரூப்போடு நிற்பதில்லை. ஆறும் ஆறு பக்கமும் போகும் என்று நினைத்தே எழுத வேண்டும். வசதி, சலுகை, வாக்குறுதி எதுவாக இருந்தாலும் அது கீழ்ப் பாதிக்குரியது. பெண்கள் உட்காரத் தனி இடம் உண்டு என்றால் எல்லாப் பெண்களுக்கும் உண்டு, அதைக் கீழே ஒரு வரியாகச் சேர்த்து ஆறு குரூப்பிலும் போடுங்கள். பாம்பனிலிருந்து வேன் விடுகிறீர்கள் என்றால் அதுவும் அப்படித்தான். மேல் பாதியில் இருக்க வேண்டியவை கூப்பிடும் விதமும், அவர்களுக்குப் பொருந்தும் காரணமும், நினைவூட்டலும் மட்டுமே. நீங்கள் எழுதிய ஒரு மேல் பாதியை வேறொரு குரூப்காரர் படித்தால் அவருக்கு வருத்தம் வருமா என்று பார்த்துவிட்டால் போதும்.

இதே காரணத்துக்காகத் தலைப்பையும் மாற்றாதீர்கள். ஒரு குரூப்பில் "மீனவர் கண் முகாம்", இன்னொன்றில் "மகளிர் கண் பரிசோதனை" என்று போட்டால், அக்கம்பக்கத்தில் பேசும்போது அவை இரண்டு முகாமாகிவிடும். இரண்டு குரூப்பிலும் இருக்கிறவர் உங்களுக்கு போன் செய்து, "இது வேற அது வேறயா?" என்று கேட்பார். கேட்காதவர்கள், தங்களுக்கு இல்லை என்று விட்டுவிடுவார்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் குரூப்புக்கு எழுதும்போது கை தானாக நன்கொடைப் பக்கம் போகும். முகாமுக்குக் காசு வேண்டுமென்றால் அதைத் தனியாக, வேறொரு நாளில் கேளுங்கள். இந்த அறிவிப்போடு சேர்த்தால் அது நன்கொடை மெசேஜாகத்தான் படிக்கப்படும். அவர்களிடம் கேட்க வேண்டியது காசை விடப் பெரியது, ஒரு போன்:

"இந்த வாரம் வீட்டுக்குப் பேசும்போது அம்மாகிட்ட ஒண்ணு கேளுங்க. போன்ல உங்க முகம் தெளிவாத் தெரியுதான்னு. தெரியலன்னா சனிக்கிழமை நம்ம ஊர் முகாமுக்குப் போகச் சொல்லுங்க. துணைக்கு யார் போறதுன்னு நீங்களே பேசி முடிவு பண்ணிருங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க. விவரம் கீழே, அப்படியே வீட்டுக்கு அனுப்பலாம்."

நாம் பத்து தடவை சொல்லியும் நகராத அம்மா, சவுதியிலிருந்து மகன் ஒருமுறை சொன்னால் கிளம்பிவிடுவார். இந்த மெசேஜை நம்மூர் நேரம் இரவு ஒன்பதரைக்கு மேல் போட்டால், துபாயில் எட்டு, சவுதியில் ஏழு ஆகியிருக்கும். பெரும்பாலானோர் வேலை முடிந்து அறைக்கு வந்து, வீட்டுக்குப் பேசத் தொடங்கும் நேரம். முகாமுக்கு முந்தின நாள் போட்டால் துணைக்கு ஆள் ஏற்பாடு செய்ய நேரம் இருக்காது. நாலைந்து நாள் முன்பே இங்கே போட்டுவிடுங்கள், ஆறு குரூப்பில் முதலாவதாக.

பெற்றோர் குரூப் எளிது. தாத்தா பாட்டியைக் கூட்டி வருவது பற்றி இரண்டு வரி போதும். பிள்ளைகளையும் அன்று பார்ப்பார்களா, மாட்டார்களா என்பதை மட்டும் மருத்துவமனையிடம் கேட்டு எழுதுங்கள். எழுதாவிட்டால் அந்த குரூப்பில் வரும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். வகுப்பு ஆசிரியர் போடுவது நல்லது.

ஃபார்வேர்ட் போதாதா என்று கேட்டீர்கள். ஃபார்வேர்ட் செய்தால் மெசேஜ் தலையில் அந்தக் குறி வரலாம், எங்கிருந்தோ வந்தது என்ற எண்ணமும் கூடவே வரும். ஏற்கெனவே ஃபார்வேர்டாக வந்த மெசேஜை ஒரு நேரத்தில் ஒரு குரூப்புக்கு மேல் அனுப்பவும் வாட்ஸ்அப் விடாது. கீழ்ப் பாதியை உங்களுக்கு நீங்களே அனுப்பிக்கொள்ளும் மெசேஜில் வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து ஒவ்வொரு முறையும் காப்பி எடுத்து, மேல் பாதிக்குக் கீழே ஒட்டுங்கள். கையால் திரும்பத் தட்டச்சு செய்யாதீர்கள். அப்போதுதான் ஒரு குரூப்பில் 9 மணியும் இன்னொன்றில் 9.30 மணியும் ஆகும். பிராட்காஸ்ட் பட்டியலை நம்பவும் வேண்டாம். உங்கள் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போகும், போகாதது உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

போஸ்டர் படம் போடுவதில் தப்பில்லை, ஆனால் எழுத்தோடு சேர்த்துப் போடுங்கள். படத்திலிருக்கும் போன் எண்ணைத் தொட்டால் நேராகப் பேச முடியாது, குரூப்பில் தேடினாலும் படத்துக்குள் இருக்கும் எழுத்து அகப்படாது. கண் மங்கியவருக்கு ஆறு பிரமுகர் முகம் போட்ட போஸ்டரில் தேதியைத் தேடுவது பெரும்பாடு. பிரமுகர்கள் இருக்கட்டும், அவர்களும் வேண்டியவர்கள்தான்.

போடும் முன், ஒவ்வொரு குரூப்பிலிருந்தும் ஒருவருக்குத் தனியாக அனுப்பி, "இதைப் படிச்சா யார்கிட்ட சொல்லணும்னு தோணுது?" என்று கேளுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் நல்லா இருக்கு என்பார்கள், அதனால் பயனில்லை. "எங்க சின்னம்மா வீட்ல ஒருத்தர் இருக்காரு" என்று ஒரு ஆளைச் சொல்லிவிட்டால் மெசேஜ் வேலை செய்கிறது. "எல்லாருக்கும் சொல்லலாம்" என்றால் மேல் பாதியை இன்னொருமுறை எழுதுங்கள்.

போட்ட பிறகும் வேலை இருக்கிறது. ஒரு நோட்டில் எந்த குரூப், எப்போது, யார் போட்டது என்று குறித்து வையுங்கள். ஜமாத்துக்கு நிர்வாகி, பெற்றோருக்கு ஆசிரியர், மகளிர் குழுவுக்கு அந்த அக்கா என்று ஆட்கள் பிரிந்திருப்பதால், தேதியோ இடமோ மாறினால் இந்த நோட்டு இல்லாமல் சிக்கிக்கொள்வீர்கள். ஒரு குரூப்பில் கேள்வி வந்தால், "துணைக்கு வர்றவங்களும் பஸ்ஸில ஏறலாமா?" என்பது போல, அதே கேள்வி மற்ற ஐந்திலும் கேட்கப்படாமல் இருக்கிறது என்று பொருள். பதிலைக் கேட்டுத் தெரிந்துகொண்டு ஆறிலும் போடுங்கள்.

மாற்றம் வந்தால் அதை மட்டும் குரூப்புக்கேற்ப அலங்கரிக்கவே கூடாது. காற்றும் மழையும் பலத்து, முகாம் ஒரு வாரம் தள்ளிப்போகிறது என்று வையுங்கள். ஆறு குரூப்பிலும் ஒரே வாசகம்:

"*மாற்றம்: தங்கச்சிமடம் கண் முகாம்*
24 ஜனவரி சனிக்கிழமை நடக்காது.
31 ஜனவரி 2026, சனிக்கிழமை நடக்கும். நேரம், இடம் மாற்றமில்லை.
பழைய மெசேஜை யாருக்காவது அனுப்பியிருந்தால் இதையும் அவர்களுக்கு அனுப்பவும்."

நடக்காது என்பது முதலில், புதிய தேதி அடுத்து, காரணம் தேவையென்றால் கடைசியில். பழைய மெசேஜைத் திருத்தலாமே என்றால், அனுப்பிய பதினைந்து நிமிடத்துக்குள்தான் திருத்த முடியும். அப்படித் திருத்தினாலும் ஏற்கெனவே காப்பி எடுத்து அனுப்பப்பட்டது திருந்தாது. குரூப்பிலிருக்கும் பழையதை அழிக்க முடிந்தால் அழித்துவிட்டுப் புதியதைப் போட்டு, அட்மினிடம் சொல்லி முகாம் நாள்வரை மேலே பின் செய்து வையுங்கள். மகளிர் குழுவில் மாற்றத்தையும் அதே அக்காவின் குரலில்தான் சொல்ல வேண்டும். பழைய குரல்பதிவை அழிக்க மறந்துவிடாதீர்கள், அதைக் கேட்டுவிட்டு ஒருவர் வந்து பூட்டிய கூடத்தின் முன் நிற்பார்.

முகாம் அன்று பெயர் பதியும் மேசையில், பதிவு நோட்டில் ஒரு பத்தி கூடுதலாக இழுத்து, வருகிற ஒவ்வொருவரிடமும் "யார் சொல்லி வந்தீங்க?" என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். "மகன் துபாயிலேர்ந்து சொன்னான்", "பள்ளிவாசல்ல சொன்னாங்க", "பக்கத்து வீட்டு அக்கா" என்று பதில் வரும். எந்த குரூப்பிலிருந்து ஒருவர்கூட வரவில்லையோ, அந்த மேல் பாதியை அடுத்த முகாமுக்கு வேறு ஆளை வைத்து எழுதுங்கள்.